பிராசசரில் 97 டிகிரி, பேட்டரியில் 46 டிகிரி: எதற்குக் கவலைப்பட வேண்டும், எப்படிச் சோதிப்பது?

சென்ற ஆண்டு மே மாதம், வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தபோது என் மடிக்கணினியின் பிராசசர் 97 டிகிரி காட்டியது. பயந்து போய் 1,800 ரூபாய்க்குக் கூலிங் பேட் வாங்கினேன். வெப்பம் இரண்டு டிகிரிகூடக் குறையவில்லை. பிறகு போன சர்வீஸ் கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்டார்கள். பிராசசரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதங்களில், உண்மையில் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது பேட்டரி. டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பிய பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

பிராசசருக்கும் பேட்டரிக்கும் பாதுகாப்பான வெப்பநிலை முற்றிலும் வேறு. முன்னதற்கு 90 என்பது வேலை செய்யும் வெப்பம். பின்னதற்கு 45 என்பதே எல்லைக்கோடு. பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பேட்டரியைப் பெரும்பாலும் நாம்தான் காக்க வேண்டும். இதைத் தெரியாமல் நான் செலவழித்த பணமும் நாட்களும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றே, நான் செய்து பார்த்த வரிசையில் இதை எழுதுகிறேன். விண்டோஸ் மடிக்கணினியை வைத்தே பெரும்பகுதியும் அமைந்துள்ளது. கைபேசிக்குத் தனிப் பகுதி உண்டு.

1. உங்கள் பிராசசரின் எல்லை எது என்று முதலில் பாருங்கள்

இணையத்தில் "80க்கு மேல் போனால் ஆபத்து" என்று பொதுவாகச் சொல்லப்படும் எண்ணை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பிராசசருக்கும் தயாரிப்பாளரே ஓர் உச்ச வெப்பநிலையை அறிவித்திருக்கிறார். அதன் பெயர் Tjmax. உங்கள் பிராசசரின் முழுப் பெயரையும் இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடினால், விவரப் பக்கத்தில் இந்த எண் இருக்கும். என்னுடையது i5-11400H, அதற்கு 100 டிகிரி. இன்டெல்லின் மடிக்கணினிப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே 100தான். ஏஎம்டி மடிக்கணினிப் பிராசசர்களில் 95 முதல் 105 வரை மாதிரிக்கு மாதிரி மாறும்.

இந்த எல்லையைத் தொட்டதும் பிராசசர் எரிந்துவிடாது. தன் வேகத்தையும் மின்சாரத்தையும் தானே குறைத்துக்கொண்டு எல்லைக்குள்ளேயே நிற்கும். அப்படியும் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறினால் இயந்திரமே அணைந்துவிடும். ஆகவே 97 டிகிரி என்ற எண் தன்னளவில் பழுதைக் காட்டுவதில்லை. அந்த 97 டிகிரியில் பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதே கேள்வி.

அதே விவரப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அடிப்படை வேகம், மற்றொன்று அடிப்படை மின்திறன். என் பிராசசருக்கு இவை 2.7 கிகாஹெர்ட்ஸ், 45 வாட். விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்பது சில நொடிகளுக்குத் தொடக்கூடிய உச்சம் மட்டுமே. நீண்ட நேரச் சுமையில் எதிர்பார்க்க வேண்டியது அடிப்படை வேகத்தைத்தான்.

2. சோதனைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருள் செலவு எதுவும் இல்லை. அளவுகளைப் பார்க்க HWiNFO64, சுமை கொடுக்க Cinebench R23 ஆகிய இரண்டும் இலவசம். அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். அறை வெப்பநிலையைப் பார்க்க ஒரு சாதாரண வெப்பமானி வேண்டும். நான் 250 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் வெப்பமானி இன்றும் மேசையில் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிடாதீர்கள். அறை எத்தனை டிகிரி என்று தெரியாமல் எடுத்த அளவை, மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் ஒப்பிடவே முடியாது.

ஆவணங்கள் என்றால் மூன்று. வாங்கிய ரசீது, அடிப்பக்கத்தில் உள்ள தொடர் எண்ணின் புகைப்படம், உத்தரவாதம் முடியும் நாள். உத்தரவாதம் இன்னும் இருந்தால், இனி வரும் படிகளில் நீங்கள் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்களே உங்கள் சான்று. "சூடாகிறது" என்று வாயால் சொன்னால் "அது சாதாரணம்" என்ற பதில்தான் வரும். "பத்து நிமிடச் சுமையில் வேகம் அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்குகிறது" என்று படத்தோடு எழுதி அனுப்பினால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நேரம்: அளவெடுப்பதற்கு நாற்பது நிமிடம் போதும். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அதே மேசையில், அதே பொழுதில் செய்யுங்கள்.

3. பத்து நிமிடம் சுமை கொடுங்கள்

சார்ஜரை இணைத்து, பவர் அமைப்பை நீங்கள் கனமான வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிலையில் வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல மடிக்கணினிகள் மின்திறனைப் பாதியாகக் குறைத்துவிடும். அந்த நிலையில் எடுத்த அளவு நன்றாகவே இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. இது பலரும் செய்யும் தவறு.

HWiNFO64ஐத் திறக்கும்போது Sensors-only என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். நமக்கு வேண்டியவை நான்கே வரிகள்: வெப்பத்துக்கு CPU Package, மின்திறனுக்கு CPU Package Power, வேகத்துக்கு Core Clocks, எல்லையைத் தொட்டதா என்பதற்கு Core Thermal Throttling. ஏஎம்டி என்றால் வெப்பம் Tctl/Tdie என்ற பெயரில் இருக்கும்.

முதலில் எந்த நிரலும் ஓடாமல் பத்து நிமிடம் விட்டு, ஓய்வு நிலை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 33 டிகிரி அறையில் 45 முதல் 60 வரை இருப்பது இயல்பு. ஓய்விலேயே 75 இருந்தால், பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று Task Managerஇல் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

பிறகு Cinebench R23இல் பத்து நிமிடச் சோதனையைத் தொடங்குங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, பத்தாம் நிமிடங்களில் நான்கு வரிகளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். Maximum என்ற பத்தியை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் உச்ச வேகத்தைத் தொடும்போது ஓரிரு நொடி எழும் முள்ளும் அதில் பதிவாகிவிடும். ஐந்தாம் நிமிடத்துக்குப் பிறகு Current பத்தியில் நிலைத்து நிற்கும் எண்ணே உங்களுக்குரிய அளவு.

சோதனை முடிந்த கணத்தில் திரையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். வெப்பம் எப்படி இறங்குகிறது என்பதை அடுத்த படியில் பயன்படுத்தப் போகிறோம்.

4. எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

என் மடிக்கணினியில் கிடைத்த அளவுகளை அப்படியே தருகிறேன். அறை 33 டிகிரி. முதல் அரை நிமிடத்திலேயே வெப்பம் 97ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மின்திறன் 60 வாட்டில் தொடங்கி, ஐந்தாம் நிமிடத்துக்குள் 28 வாட்டுக்கு இறங்கி நிலைத்தது. வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ். Core Thermal Throttling வரியில் Yes என்று சிவப்பில் காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது 97ஐ அல்ல, 28 வாட்டையும் 2.1 கிகாஹெர்ட்ஸையும்தான். 45 வாட்டில் குறைந்தது 2.7 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய பிராசசர், 28 வாட்டுக்கே எல்லைக்கு அருகில் போய் நிற்கிறது. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேறவில்லை என்பதே இதன் பொருள். பிராசசர் நலமாகத்தான் இருந்தது. அடைபட்டிருந்தது வெப்பம் வெளியேறும் பாதை.

இதற்கு மாறாக, இதே 97 டிகிரியில் ஒரு பிராசசர் 60 வாட்டைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு, அடிப்படை வேகத்துக்கு மேலேயே ஓடினால், அதில் பழுது ஏதும் இல்லை. தயாரிப்பாளர் வேகத்துக்காக வெப்பத்தை எல்லை வரை அனுமதித்திருக்கிறார், அவ்வளவுதான். விசிறிச் சத்தமும் விசைப்பலகைச் சூடும் தொந்தரவாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு உதவும். நிலைத்து நின்ற வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுங்கள். வாட் ஒன்றுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது கிடைக்கும். என் கணக்கில் 97இலிருந்து 33 போக 64. அதை 28ஆல் வகுத்தால் 2.3. சுத்தம் செய்த பிறகு, அதே அறையில் 45 வாட்டில் 88 டிகிரி, 3.2 கிகாஹெர்ட்ஸ். 55ஐ 45ஆல் வகுத்தால் 1.2. வெப்பமானியில் ஒன்பது டிகிரிதான் குறைந்தது போல் தெரிகிறது, ஆனால் வெப்பம் வெளியேறும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. வெறும் டிகிரியைப் பார்த்து "ஒன்பது டிகிரிக்குத்தானா இவ்வளவு செலவு" என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட விரும்புகிறேன்.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் பருவத்துக்கேற்ப எதிர்பார்ப்பையும் சொல்லிவிடலாம். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். 1.2 என்ற கணக்கில், 45 வாட் சுமைக்கு 26 டிகிரி அறையில் 80 வரும்; மின்விசிறி மட்டும் ஓடும் 40 டிகிரி மதியத்தில் 94 வரும். இயந்திரத்தில் எதுவும் மாறியிருக்காது. டிசம்பரில் 80 காட்டியது மே மாதத்தில் 94 காட்டுகிறது என்று பதறுபவர்கள் பலர். ஒப்பிட வேண்டியது வாட்டுக்கான டிகிரியை. அது ஒன்றரை மடங்காகும்போதுதான் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. எந்த எண் நல்லது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால், அடுத்தவர் கணினியோடு ஒப்பிடாமல் உங்கள் கணினியின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடைப்பு எங்கே என்பதைத் திறக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். சோதனை நின்றதும் 97இலிருந்து ஓரிரு நொடியில் 60க்கு விழுந்தால், பிராசசரின் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் வெப்பத்தகடு குளிர்ந்தே இருக்கிறது, பிராசசரிலிருந்து அதற்கு வெப்பம் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே தடவப்படும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம் அல்லது தகடு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அப்போது வெளியேறும் காற்றும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மாறாக, வெப்பம் மெல்ல மெல்ல இறங்கினால் தகடே சூடேறிக் கிடக்கிறது, காற்று போகவில்லை. விசிறி முழு வேகத்தில் இரைந்தும் காற்றுத்துளையில் வைத்த கையில் காற்று படவில்லை என்றால் தூசிதான்.

என்னுடையதில் 97இலிருந்து 75க்கு வரவே ஒரு நிமிடத்துக்கு மேலானது. திறந்தபோது விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டை வெட்டி வைத்தாற்போல் சாம்பல் நிறத்தில் தூசி ஒரு பட்டையாகப் படிந்திருந்தது. இடுக்கியால் அதை ஒரே துண்டாக உரித்து எடுத்தார்கள். கூலிங் பேட் ஏன் பயன்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கீழிருந்து எவ்வளவு காற்றை அனுப்பினாலும், அந்தப் பட்டையைத் தாண்டி அது வெளியேற வழியே இல்லை.

ஓர் எச்சரிக்கை. கனமான வேலையின் நடுவே கணினி திடீரென்று அணைந்தால் வெப்பம்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். Event Viewerஇல் தெரியும் Kernel-Power 41 என்ற பதிவு, கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சார்ஜர் பழுது, பேட்டரி பழுது இரண்டும் இதே பதிவைத்தான் விட்டுச் செல்லும். அணைவதற்கு முன் பிராசசர் எல்லையில் நின்றதா என்பதை HWiNFO64 பதிவைக் கொண்டு பார்த்த பிறகே வெப்பத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

5. சுத்தம் செய்யும் வரை சமாளிக்க

கடைக்குப் போக ஒரு வாரம் ஆகும் என்றால், பிராசசர் உச்ச வேகத்துக்குத் தாவுவதை நிறுத்தி வைக்கலாம். நிர்வாகி உரிமையுடன் Command Promptஐத் திறந்து இவ்விரு வரிகளைக் கொடுங்கள்.

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 99
powercfg /setactive scheme_current
```

99 என்று கொடுத்தால் பிராசசர் அடிப்படை வேகத்துக்கு மேல் போகாது. இன்டெல் 12ஆம் தலைமுறை முதல் இருவகை உட்கருக்கள் கொண்ட பிராசசர்களில், முதல் வரியை PROCTHROTTLEMAX1 என்று மாற்றி இன்னொரு முறையும் கொடுத்த பிறகே இரண்டாம் வரியைக் கொடுக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்ப 99க்குப் பதில் 100. சுத்தம் செய்த பின்னும் நான் வெயில் காலப் பகல்களில் இதைப் பயன்படுத்துகிறேன்; ஏற்றுமதி சற்று மெதுவாகும், ஆனால் 33 வாட்டில் 73 டிகிரிக்கு மேல் போவதில்லை.

6. இப்போது பேட்டரியைப் பாருங்கள்

பேட்டரிக்கு எல்லைகள் மிகக் குறுகியவை. லித்தியம் அயனி பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பொதுவாக அனுமதிக்கப்படும் வெப்பம் 0 முதல் 45 டிகிரி வரை. பயன்படுத்தும்போது 60 வரை தாங்கும் என்று விவரத்தாள்கள் சொன்னாலும், 45ஐத் தாண்டி அடிக்கடி கிடந்தால் உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் மீளாத வகையில் சிதைகின்றன. அதில் உண்டாகும் வாயுவே பேட்டரியை உப்ப வைக்கிறது. பிராசசரைப் போல இது வேகத்தைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. சார்ஜ் ஏறுவதை நிறுத்துவது ஒன்றே அதன் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு முடிந்த வேலை. பக்கத்தில் கொதிக்கும் பிராசசரின் வெப்பத்தை அதனால் தடுக்க முடியாது.

வெப்பத்தோடு முழுச் சார்ஜும் சேர்வதுதான் கொடுமை. பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 40 சதவீதச் சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதையே முழுச் சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான் மிஞ்சும். நான் செய்தது இரண்டாவதையே. கனமான வேலை என்பதால் நாள் முழுதும் சார்ஜரில், 100 சதவீதத்தில், சூட்டுக்கு நடுவே.

உங்கள் பேட்டரியின் நிலையை அறிய இந்த ஒரு வரி போதும்.

```
powercfg /batteryreport
```

இது ஓர் அறிக்கைக் கோப்பை உருவாக்கி, அது எங்கே இருக்கிறது என்பதையும் திரையில் சொல்லும். அதில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். எனக்கு முதலாவது 52,000, இரண்டாவது 31,700. வாங்கி இரண்டு ஆண்டில் 61 சதவீதம்தான் மிச்சம். இதே அறிக்கையை வாங்கிய முதல் மாதத்திலேயே எடுத்து வைத்திருந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் பேசியிருக்கலாம். பேட்டரிக்கான உத்தரவாதம் கணினியின் உத்தரவாதத்தைவிடக் குறுகியதாக இருக்கலாம் என்பதையும் உங்கள் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் வெப்பநிலையைப் பல மடிக்கணினிகள் வெளியே காட்டுவதில்லை. HWiNFO64இல் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பேட்டரி பெரும்பாலும் கைகளை வைக்கும் பகுதிக்குக் கீழே இருக்கும் என்பதால், பத்து நிமிடச் சோதனை முடிந்ததும் கணினியைத் திருப்பி அந்தப் பகுதியின் அடிப்பக்கத்தை அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் நெற்றி வெப்பமானி இதற்கு ஆகாது. பொருள்களுக்கான அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். நான் 700 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராகக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு காகித ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். வெளியே 42 என்றால் உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நான் அளந்தபோது 46 காட்டியது. அதன் பிறகு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்குங்கள். கணினியோடு வந்த தயாரிப்பாளரின் செயலியிலோ பயாஸிலோ இது பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது, சார்ஜரின் வாட் அளவைப் பாருங்கள். கனமான வேலையின்போது சார்ஜர் இணைந்திருந்தும் பேட்டரிச் சதவீதம் இறங்கினால், சார்ஜர் போதவில்லை, பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டுகிறது என்று பொருள். மின்சாரத்தை வெளியே தள்ளுவதும் பிறகு திரும்பச் சார்ஜ் ஆவதும் பேட்டரியை மேலும் சூடாக்கும். கணினியோடு வந்த சார்ஜரையோ, அதே வாட் அளவுள்ளதையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

டச்பேட் அழுந்தாமல் போவது, மூடி சரியாக மூடாதது, சமமான மேசையில் கணினி ஆடுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்துவிடுங்கள். அழுத்தி உள்ளே தள்ளுவதோ ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவதோ தீப்பிடிக்க வைக்கும். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

7. கைபேசியில் பார்க்க வேண்டியது வேறு

கைபேசியில் பிராசசரின் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. விசிறி இல்லாத, கையில் பிடிக்கும் பொருள் என்பதால், உள்ளே பிராசசர் தன் எல்லைக்கு வருவதற்கு முன்பே, வெளிப்புறம் கை சுடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே வேகம் குறைக்கப்பட்டுவிடும். விளையாட்டு பத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு தடுமாறுவது அதனால்தான், அது பழுதல்ல. பார்க்க வேண்டியது பேட்டரியின் வெப்பம். ஆண்ட்ராய்டின் Developer options பகுதியில் USB debuggingஐ இயக்கி, adb என்ற கருவியை நிறுவிய கணினியோடு இணைத்து இப்படிக் கேட்கலாம்.

```
adb shell dumpsys battery
```

வரும் விவரங்களில் temperature என்ற வரி பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் இருக்கும். 412 என்றால் 41.2 டிகிரி, 412 டிகிரி என்று எண்ணி யாரும் திகைக்க வேண்டாம். health என்ற வரியில் 2 என்றால் நலம், 3 என்றால் அதிக வெப்பம். கேபிளை இணைத்ததுமே சார்ஜ் ஏறத் தொடங்கி வெப்பம் உயரும் என்பதால், இணைத்தவுடன் முதல் அளவை எடுத்துவிடுங்கள்.

சுமையில் 40 வரை கவலை இல்லை. 40க்கு மேல் போனால் சார்ஜரைக் கழற்றுங்கள். 45ஐ நெருங்கினால் வேலையையே நிறுத்துங்கள். மே மாத நண்பகலில், காரின் டேஷ்போர்டில் வழிகாட்டி வரைபடம் ஓட, சார்ஜும் ஏறிக்கொண்டிருந்த என் கைபேசி 447 காட்டியது. சார்ஜரையும் உறையையும் கழற்றி நிழலில் வைத்ததும் பன்னிரண்டு நிமிடத்தில் 371க்கு வந்தது. வெயில், சார்ஜ், சுமை மூன்றும் ஒன்றுசேர விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே நீர் பனித்துச் சுற்றுகளைக் கெடுக்கும். குளிரூட்டுவதாகச் சொல்லும் செயலிகளால் பயனில்லை.

ஐபோனில் எண் தெரியாது. சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதாவது நம் ஊர்க் கோடைப் பகலே அதன் எல்லைக்கு வெளியேதான். சூடேறினால் சார்ஜை நிறுத்தி Charging On Hold என்று காட்டும். கேபிளை மாற்றி மாற்றிச் செருகாமல் ஆற விடுங்கள். கனடா போன்ற இடங்களில் இருப்போருக்கு எதிர்முனைச் சிக்கல் உண்டு: உறைகுளிரில் காரில் கிடந்த கைபேசியை உள்ளே கொண்டுவந்ததும் சார்ஜில் போடாமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.

8. கடையில் என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்

உத்தரவாதம் இருந்தால் வெளிக்கடையில் திறக்க வேண்டாம். திறந்தால் உத்தரவாதம் போகுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். முடிந்துவிட்டது என்றால், "சூடாகிறது, பாருங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "விசிறியையும் வெப்பத்தகட்டையும் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுங்கள், அதன் பிறகு இதே சோதனையை இங்கேயே ஓட்டிப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். நான் இரண்டாவதாகப் போன கடையில் இதற்கு 900 ரூபாய் ஆனது, இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. புதிய பேட்டரிக்கு 4,200 ரூபாய், வரவழைக்க ஐந்து நாள். மதர்போர்டை யாரும் தொடவில்லை.

தூசியை ஊதும்போது விசிறியைச் சுழல விடாமல் பிடித்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஊதும் காற்றில் அளவு மீறிச் சுழன்றால் விசிறி கெட்டுப்போகும். தகட்டைக் கழற்றினால் பழைய பேஸ்டை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழையதின் மேலேயே தடவுவதை ஏற்காதீர்கள். புதுப் பேட்டரியைப் பொருத்தியதும் அங்கேயே அறிக்கை எடுத்து, FULL CHARGE CAPACITY அச்சிட்ட கொள்ளளவுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ரசீதில் பேட்டரியின் தொடர் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாட்டுக்கான டிகிரியை மறுபடி கணக்கிட்டு, நாளையும் அறை வெப்பத்தையும் சேர்த்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதுங்கள். என் ரசீதில் இப்போது மூன்று வரிகள் உள்ளன: ஜூலையில் 1.2, ஜனவரியில் 1.2, இந்த மார்ச்சில் 1.4. 1.8ஐத் தொட்டால் மறுபடி சுத்தம் செய்யக் கொடுப்பேன்.